கருவாட்டுக் கட்டுரையும் ஒற்றை வரி பிரீஃபும்

கருவாடு விற்கிற ஒரு அண்ணன், காசு கொடுத்து எழுதி வாங்கிய கட்டுரை சரியில்லை என்று அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டிருந்தார், நேற்று முழுக்க அதுதான் எல்லார் பக்கத்திலும். அந்த அண்ணன் யார், எழுதிக் கொடுத்த பையன் யார் என்று இங்கே இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். பெயர் சொல்லி இன்னொரு பஞ்சாயத்தைக் கூட்டும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் "காசு கொடுத்துக் குப்பை வாங்கினேன்" என்று அவர் போட்டதற்குக் கீழே, எழுதுவதையே தொழிலாக வைத்திருக்கிறவர்களும் போய்ச் சிரிப்பு எமோஜி வைத்திருக்கிறீர்களே, அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அந்த ஸ்கிரீன்ஷாட்டின் மேல்பகுதியை யாராவது படித்தீர்களா? என்ன எழுத வேண்டும் என்று அண்ணன் கொடுத்த பிரீஃபும் அதிலேயே இருக்கிறது. "தம்பி, கருவாடு பத்தி 1000 வார்த்தை. கூகுள்ல மேல வரணும். நல்லா இருக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள." முடிந்தது. இதை வைத்துக்கொண்டுதான் அந்தப் பையன் எழுதினான். அவன் எழுதியதில் எல்லாரும் வட்டம் போட்டுச் சிரித்த வரி இது: "பாரம்பரிய முறையில் கடற்கரை மணலில் உலர்த்தப்படும் எங்கள் கருவாடு..."

அண்ணனுக்கு ஏன் கோபம் வந்தது என்று எனக்குப் புரிகிறது. அவர் மணலில் போடுவதே இல்லை. இடுப்பளவு உயரத்தில் கம்பு நட்டு, வலை கட்டி, அதன் மேல்தான் காயப்போடுகிறார். காற்று மேலேயும் கீழேயும் போகும், மணல் ஒட்டாது, நாய் வாய் வைக்காது. அதற்காகத்தான் மற்றவர்களைவிட விலை கூடுதலாக வைத்திருக்கிறார். அவர் வியாபாரத்தின் உயிரே அந்த வலைதான். சரி, அந்த உயிரை ஏன் அண்ணே பிரீஃபில் சொல்லவில்லை?

இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். எழுதுகிறவன் தேடிக் கண்டுபிடிக்கக்கூடியதை நீங்கள் சொல்லாமல் விடலாம். உங்களுக்கு மட்டுமே தெரிந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். பிரீஃப் என்பது அவ்வளவுதான்.

"எழுதுறவன்தானே ஆராய்ச்சி பண்ணணும்?" என்று கமெண்டில் ஒருவர் கேட்டிருந்தார். பண்ணினான் ஐயா! பண்ணியதால்தான் தப்பாகப் போனது. கருவாடு என்று தேடினால் வருகிற கட்டுரைகளில் பல, மணலில் காயப்போடுவதைப் பெருமையாகத்தான் சொல்கின்றன. நம்ம கடற்கரையிலும் இன்றைக்கும் பல இடங்களில் மணலிலோ சாக்கு விரித்தோதான் காய்கிறது. வெளியூரில் உட்கார்ந்து நேர்மையாகத் தேடுகிறவனுக்கு அதுதான் கிடைக்கும். உங்கள் கொல்லையில் நீங்கள் கட்டிய வலை கூகுளில் இல்லை.

நானாக இருந்தால் அந்த பிரீஃபை எப்படி எழுதியிருப்பேன் என்று காலையில் உட்கார்ந்து எழுதியே பார்த்தேன். ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. அப்படியே போடுகிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

"யாருக்கு: கோவையிலோ பெங்களூரிலோ அடுக்குமாடி வீட்டில் இருக்கிறவர். கருவாடு சாப்பிட்டு வளர்ந்தவர், ஆனால் ஆன்லைனில் வாங்கியதில்லை. ருசியைப் பற்றி அவருக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அவருக்கு மூன்று பயம்: மணல் இருக்குமா, பார்சல் நாறி பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரா, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்குமா. கட்டுரை இந்த மூன்றுக்கும் இதே வரிசையில் பதில் சொல்ல வேண்டும். படித்து முடித்ததும் அவர் நெத்திலி கால் கிலோ பாக்கெட்டை ஆர்டர் செய்ய வேண்டும், அது போதும்.

நாங்கள் செய்வது: வலை மேல் காயப்போடுகிறோம், மணலில் இல்லை. படம் அனுப்பியிருக்கிறேன். காயவைக்கும் வேலையைப் பார்க்கும் அக்காவின் எண் கீழே. மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் பேசுங்கள், முன்னால் கூப்பிட்டால் எடுக்கமாட்டார். எந்தப் பதத்தில் காய்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்வதில் ஒரு வாக்கியமாவது அப்படியே வரட்டும்.

எழுதக்கூடாதது: தினமும் புதிதாகப் பிடித்த மீன் என்று எழுதாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், சில வகை இருக்காது. எந்த நோயும் தீரும் என்று எழுதாதீர்கள், உணவுப் பொருளுக்கு அப்படி விளம்பரம் செய்தால் சட்டப்படி நான்தான் மாட்டுவேன். ரசாயனம் இல்லாதது என்றும் வேண்டாம், நான் இன்னும் பரிசோதனைக்குக் கொடுக்கவில்லை.

அளவு 800 முதல் 900 வார்த்தை. தேடும் சொல் ஒன்றே ஒன்று: மணல் இல்லாத கருவாடு. தலைப்பில் ஒரு தடவை, உள்ளே இயல்பாக வருகிற இடத்தில். படித்துவிட்டுச் சரி சொல்லப்போவது நான் மட்டும். இரண்டு தடவை திருத்தம் கேட்பேன், அதற்கு மேல் கேட்டால் தனிக் காசு."

இதைப் படிக்கிற எவனாவது "பாரம்பரிய முறையில் மணலில்" என்று எழுதுவானா? எழுதினால் அப்போது திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். டிராஃப்ட் கெட்டுப்போனால் யார் தப்பு என்று பார்க்க எனக்குத் தெரிந்து ஒரே வழி இதுதான். பிரீஃபில் இருந்ததை மீறியிருந்தால் எழுதியவன் தப்பு. எழுத்துப்பிழை, கோர்வையில்லாத பத்தி, எங்கிருந்தோ நகல் எடுத்தது, இதெல்லாமும் அவன் தப்புதான். பிரீஃபில் இல்லாத விஷயத்தில் கோட்டைவிட்டிருந்தால் அது கொடுத்தவர் தப்பு. மணல் எந்தப் பக்கம் வருகிறது என்று நீங்களே பாருங்கள்.

"இவ்வளவு எழுதுறதுக்கு நானே கட்டுரையை எழுதிடுவேனே" என்கிறவர்களுக்கு: எழுதுங்களேன், யார் வேண்டாம் என்றது.

உடனே நீளமாக எழுதினால் நல்ல பிரீஃப் என்று கிளம்பிவிடாதீர்கள். சென்னையில் ஒரு கம்பெனி எனக்கு ஒன்பது பக்க பிடிஎஃப் அனுப்பியது. லோகோவின் நீலம் எந்த நீலம், ஆச்சரியக்குறி போடலாமா, நாற்பது கீவேர்டு, துணைத்தலைப்பு எல்லாம் அவர்களே எழுதி வைத்தது. யார் படிக்கப்போகிறார்கள் என்பது மட்டும் ஒன்பது பக்கத்திலும் இல்லை. கேட்டேன். "ஜெனரல் ஆடியன்ஸ் மேடம்" என்று பதில் வந்தது. துணைத்தலைப்பை நீங்கள் எழுதிவிட்டால் நடுவில் இருக்கிற இடைவெளியை இட்டு நிரப்புவதுதான் எங்கள் வேலை, அது செத்த கட்டுரையாகத்தான் வரும். கேள்விகளை வரிசையாகக் கொடுங்கள். பதில் எந்தத் தலைப்பில் உட்காரும் என்பதை எழுதுகிறவனிடம் விடுங்கள்.

நான் இதுவரை வாங்கியதிலேயே நல்ல பிரீஃபை எழுதியவர் ராமேஸ்வரத்தில் சின்ன லாட்ஜ் வைத்திருக்கும் ஒரு பெரியவர். பிரீஃப் என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. வரவேற்பு மேசையில் கிடந்த கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். போனில் ஜனங்கள் கேட்கிற கேள்விகள், அவர் கையெழுத்தில். விடியற்காலை அக்னி தீர்த்தத்துக்கு நடந்து போகலாமா. வயதானவர்களுக்குக் கீழ்த்தள அறை உண்டா. காரை எங்கே விடுவது. அப்புறம் ஒன்று, அடிக்கோடு போட்டு: "22 தீர்த்தமும் குளிச்சிட்டு ஈரத்துணியோட ரூமுக்குள்ள வந்தா திட்டுவீங்களான்னு கேக்குறாங்கம்மா. திட்ட மாட்டோம், கொடி கட்டி வச்சிருக்கோம்னு மொதல்லயே எழுதிடு."

அந்த ஈரத்துணி எந்தக் கீவேர்டு கருவியிலும் வராது. அதைத்தான் முதல் பத்தியாக வைத்தேன். பெரியவர் ஒரு போன் நம்பரை மட்டும் மாற்றச் சொன்னார், வேறு திருத்தமே இல்லை. அன்றைக்கு நான் ஒன்றும் பிரமாதமாக எழுதிவிடவில்லை. அவர் ஏற்கெனவே பாதி வேலையை முடித்துக் கொடுத்திருந்தார்.

"எழுதுறவங்க பிரீஃபைப் படிக்கிறதே இல்லக்கா" என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் வந்தான். உண்மைதான், படிக்காதவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் வழி இருக்கிறது. பிரீஃபை அனுப்பிய அன்றே, யாருக்கு எழுதுகிறோம், தலைப்பு என்ன, முதல் பத்தி என்ன, இவ்வளவையும் மட்டும் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். படிக்காதவன் அங்கேயே தெரிந்துவிடுவான். படித்தும் தப்பாக வந்தால் உங்கள் பிரீஃபில் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். அந்த முதல் பத்தியில் மணல் வந்திருந்தால் அண்ணன் அன்று சாயங்காலமே "ஐயோ தம்பி, வலை, வலை" என்று போன் போட்டிருப்பார். வெள்ளிக்கிழமைவரை காத்திருந்து ஊரைக் கூட்டியிருக்க வேண்டாம்.

ஆனால் உள்ளதைச் சொன்னால், எனக்கு வலிப்பது பிரீஃப் விஷயம்கூட இல்லை. வலை கட்டுகிற ஆளுக்கு எத்தனை அடி, என்ன கண்ணி, எந்தப் பக்கம் காற்று என்று நின்று சொல்வீர்கள். பக்கத்திலேயே நின்று பார்ப்பீர்கள். எழுதுகிறவனுக்கு மட்டும் "நல்லா இருக்கணும்" போதும். ஏனென்றால் இது உட்கார்ந்து தட்டுகிற வேலை, எங்கே இருந்து எவன் செய்தால் என்ன. வார்த்தைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க யோசிக்கிறவர்கள் வைக்கிற எதிர்பார்ப்பைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பிடிக்காவிட்டால் போனில் திட்டலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊர் முன்னால் வைப்பது என்ன பழக்கம்? அவன் முதல் வருஷம் எழுதுகிற பையன். நாளைக்கு அவனிடம் வேலை கொடுக்க நினைப்பவர் இதைத்தானே பார்ப்பார்?

"அக்கா நீங்க எழுதுறவங்க பக்கம்தான் பேசுவீங்க" என்பீர்கள். ஆமாம், பேசுவேன். உங்கள் பக்கம் பேசத்தான் நூறு எமோஜி இருக்கிறதே.

அண்ணனுக்கு ஒரே வேண்டுகோள். மேலே இருக்கிற பிரீஃபை எடுத்துக்கொள்ளுங்கள், தப்பிருந்தால் திருத்துங்கள், அந்தப் பையனுக்கே அனுப்புங்கள். அதற்கு முன்னால் முதல் டிராஃப்டுக்குச் சேரவேண்டிய காசை அனுப்பிவிடுங்கள். நேற்று ராத்திரிவரை வரவில்லையாம்.