500 பீஸுக்குப் பேசிய விலை, 460 வந்ததும் எப்படி மாறும்?

திருப்பூரிலிருந்து நேற்று பார்சல் வந்தது. பில்லைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

நான் நடத்துவது சின்ன ஜவுளிக்கடை. ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டுக்கு அவர்கள் அனுப்பிய ரேட் லிஸ்டில் 100 பீஸ் எடுத்தால் 165 ரூபாய், 300 எடுத்தால் 150, 500 எடுத்தால் 138. ஒரு நிறத்தில் 100 பீஸுக்குக் குறைந்து தர மாட்டார்கள். என் கடைக்கு 300 போதும். அந்த 138 ரூபாய்க்காகத்தான், கையைக் கடிக்கும் என்று தெரிந்தும் ஐந்து நிறத்தில் 500 சொன்னேன். கொட்டேஷனும் அப்படியே வந்தது: சரக்கு 69,000, ஜிஎஸ்டி 5 சதவீதம் 3,450, ஆக 72,450. பாதிப் பணத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

வந்தது 460. நீலத்தில் 40 குறைகிறது, சாயப்பட்டறையிலிருந்து துணி வரவில்லையாம். சரி, தொழிலில் நடப்பதுதான். ஆனால் பில்லில் பீஸ் 150 ரூபாய்! பெருக்கிப் பாருங்கள், அதே 69,000. நாற்பது சட்டையைக் கொடுக்காமலே அதற்கும் சேர்த்துப் பில் போட்டாயிற்று. கொட்டேஷனில் பேச்சே இல்லாத பேக்கிங் 900 ரூபாய் வேறு. அதற்கும் வரி சேர்த்து மொத்தம் 73,395.

போன் போட்டேன். "460 தானுங்க போயிருக்கு, சிஸ்டம் 300 ரேட்டைத்தான் எடுக்கும்" என்கிறார். ஆர்டரைப் பதிவு செய்து, அதிலிருந்து பில் போட்டிருந்தால் ஆர்டர் விலையே வந்திருக்கும். இவர்கள் அனுப்பிய எண்ணிக்கையை நேராகப் பில்லில் அடித்திருக்கிறார்கள். நான் 500 கேட்டேன், குறைத்தது நீங்கள், விலை ஏறுவது எனக்கா? சரி, மீதி 40 எப்போது வரும் என்றால், "தனி பில்லுங்க, 40-ன்னா மினிமமே வராது, 165 போட்டுத்தான் தர முடியும்" என்கிறார். வயிறு எரிகிறது!

இதில் இன்னொன்று, "அடுத்த பில்லில் கழிச்சுக்கலாம்." எதற்குக் கழிக்க வேண்டும்? பில்லில் மதிப்பு கூடிப் போயிருந்தால் கிரெடிட் நோட் போட ஜிஎஸ்டி சட்டத்தில் 34-ஆம் பிரிவே இருக்கிறது. 460-க்கு 12 ரூபாய் வீதம் 5,520, அதன் வரி 276, ஆக 5,796 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் கேட்டு எழுதிவிட்டேன். அடுத்த பில்லில் கழிப்பதென்றால், அடுத்த சரக்கையும் இவர்களிடமே எடுத்தாக வேண்டும்.

இனி நான் அனுப்பும் ஆர்டரில் "விலை ஆர்டர் செய்த அளவுக்கே, அனுப்பும் அளவுக்கு அல்ல, பாக்கிச் சரக்கும் இதே விலை, பேக்கிங் உட்பட" என்று எழுதி, அவர்கள் ஒப்புக்கொண்டு பதில் அனுப்பிய பிறகுதான் முன்பணம். நீலத்தில் எக்ஸ்எல் ஒன்றுகூட வரவில்லை, இன்று காலையிலேயே இரண்டு பேர் கேட்டுவிட்டுப் போனார்கள்.