முட்டத்துக் கடலும் தூரிகை செல்லும் திசையும்

கடந்த மாதம் நாகர்கோவிலில் உறவினர் வீட்டுப் பால்காய்ப்புக்குப் போயிருந்தபோது, வரவேற்பறைச் சுவரில் முட்டம் கடற்கரையின் மாலைக் காட்சி ஒன்று பெரிய சட்டத்தில் மாட்டப்பட்டிருந்தது. புகைப்படத்தை எண்ணெய் ஓவியம் போல மாற்றி அச்சிட்டிருந்தார்கள். தூரத்தில் நின்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. அருகே சென்றதும் வானம் முழுவதும் புழுக்கள் நெளிவதைப் போலச் சுருள் சுருளான கோடுகள் தெரிந்தன. பாறையிலும் அதே சுருள், அலையிலும் அதே சுருள். எந்த ஓவியரும் வானத்தையும் பாறையையும் ஒரே கைவீச்சில் தீட்டுவதில்லை என்பதால், அந்தப் படம் என்னை மிகவும் வருத்தியது.

ஃபோட்டோஷாப்பில் உள்ள Oil Paint ஃபில்டரை முழுப் படத்தின் மீதும் ஒரே தடவையாகப் போடுவதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். தூரிகைத் தீற்றல் எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்று நாம் சொல்ல அந்த ஃபில்டரில் இடமே இல்லை. அதிலுள்ள Angle வெளிச்சம் விழும் கோணத்தைத்தான் மாற்றும், தீற்றலைத் திருப்பாது. வெளிச்சமும் இருளும் சந்திக்கும் விளிம்புகள் எப்படி ஓடுகின்றனவோ, தீற்றலும் அவற்றை ஒட்டியே ஓடும். பாறை வெடிப்பில் அப்படிப்பட்ட விளிம்பு உண்டு. மாலை வானத்தில் விளிம்பு ஏது? அங்கே கேமராவின் நுண்புள்ளி இரைச்சலையே விளிம்பு என்று எடுத்துக்கொண்டு ஃபில்டர் அதைச் சுற்றி வளைகிறது. புழுக்கள் பிறப்பது அவ்விடத்தில்தான்.

ஆகவே திசையை ஃபில்டரிடம் கேட்பதை விட்டுவிட்டு, ஃபில்டர் பார்க்கப்போகும் படத்தை நாம் முன்கூட்டியே பக்குவப்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் எடுத்திருந்த முட்டம் படம் ஒன்றை அப்படித்தான் செய்தேன். 18 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் கொண்ட அச்சுக்காக, அங்குலத்துக்கு 200 பிக்சல் என்ற கணக்கில் அதை முதலிலேயே 3600 × 2400 பிக்சலாக்கி, வானம், கடல், பாறை என மூன்று லேயர்களாகப் படியெடுத்து, ஒவ்வொன்றிலும் அதனதன் பகுதி மட்டும் தெரியும்படி மாஸ்க் போட்டுக்கொண்டேன்.

வான லேயரில் இரைச்சல் மறையும் அளவுக்கு Gaussian Blur கொடுத்தேன். இரைச்சல் போனபின் எஞ்சுவது சூரியனைச் சுற்றிப் பரவும் ஒளியின் படிநிலை மட்டுமே என்பதால், தீற்றல்கள் சூரியனைச் சூழ்ந்து அகன்ற வில்லாக வளைந்தன. இதில் ஒரு தவறும் செய்தேன்: கடலின் கருமை மங்கலோடு கலந்து மேலேறி, அடிவானத்தில் அழுக்குப் பட்டை போலத் தெரிந்தது. வானத்தின் நிறத்தைக் கடலின் மேலும் கொஞ்சம் கீழே இழுத்து நிரப்பிவிட்டுப் பிறகு மங்கலாக்கியதும் அது நீங்கியது.

கடல் லேயருக்கு Motion Blur-ஐக் கிடைமட்டமாக 30 பிக்சல் அளவில் கொடுத்தேன். நீரிலுள்ள விளிம்புகள் எல்லாம் படுக்கைவாட்டில் நீண்டுவிட்டதால் தூரிகையும் படுக்கைவாட்டிலேயே சென்றது. கரையோரம் உடையும் நுரைக்கு மட்டும் இதை மாஸ்க்கினால் விலக்கிவிட வேண்டும். நுரை படுத்துவிட்டால் அலைக்கு உயிர் இருக்காது. பாறை லேயருக்கு நேர்மாறாகக் கூர்மையைக் கூட்டினேன். வெடிப்புகள் தெளிவாகத் தெரிந்தன. தீற்றல் அவற்றின் வழியே மேலிருந்து கீழாக இறங்கியது.

பிறகுதான் மூன்று லேயர்களுக்கும் தனித்தனியாக Oil Paint. தீற்றலின் பருமனைத் தீர்மானிக்கும் Scale, வானத்துக்குப் பெரிதாகவும் பாறைக்குச் சிறிதாகவும் இருக்கலாம். Angle மட்டும் மூன்றிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரே படத்தில் சாயமேடுகளின் நிழல் மூன்று பக்கம் விழுந்தால், காரணம் சொல்லத் தெரியாதவருக்கும் கண் உறுத்தும்.

கான்வாஸ் துணியின் நெசவைக் கடைசியில் சேர்க்கிறேன். நடுச் சாம்பல் நிறத்தில் தனி லேயர் ஒன்றை நிரப்பி, Filter Gallery-யில் Texturizer-ஐத் திறந்து, Canvas-ஐத் தேர்ந்து, Relief-ஐ 4 அளவில் வைத்து, அந்த லேயரை Overlay ஆக்கினால் போதும். நெசவின் ஒளித்திசையும் சாயமேட்டின் ஒளித்திசையோடு ஒத்திருக்க வேண்டும். மெய்யான ஓவியத்தில் சாயம் மெல்லிதாகப் பூசிய இடத்தில்தான் துணியின் இழை தெரியும். கனமாக அப்பிய இடத்தில் அது மூடிப்போகும். அதனால் பாறைகளின் மேலும் வெண்நுரையின் மேலும் நெசவை மாஸ்க்கினால் பாதிக்கு மேல் குறைத்தேன். அந்த வரவேற்பறைப் படத்தில் நுரையின் உச்சியிலும் இழை கட்டம் கட்டமாகத் தெரிந்ததுதான், அது அச்சு என்பதை முதல் பார்வையிலேயே காட்டிக்கொடுத்தது.

மெய்யான கான்வாஸ் துணியிலேயே அச்சிடுவதாக இருந்தால் இந்த நெசவு லேயரை அணைத்துவிடுங்கள். துணியின் இழையும் படத்தின் இழையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் வானத்தில் அலையலையான பட்டைகள் தோன்றக்கூடும். இங்கே முகநூலில் பகிர்வதற்கும், நெசவில்லாத பிரதியைச் சிறிதாக்கிய பிறகே நெசவைச் சேர்க்க வேண்டும். முதலிலேயே சேர்த்துவிட்டுச் சிறிதாக்கினால் இழை மங்கி, வெறும் அழுக்குப் புள்ளிகளாகவே எஞ்சும்.