மஞ்சள் தீ: கேஸ் தோங்கைத் திருப்பி அனுப்பும் முன்

"புதுத் தோங்குல தண்ணி கலந்து குடுக்குறாங்க. அதான் தீ மஞ்சளா எரியுது, சட்டியெல்லாம் கரி."

அண்ணே, இதற்குக் காரணம் பெரும்பாலும் அடுப்பில்தான் இருக்கும். ஒரு பங்கு கேஸ் முழுசா எரிய 24 முதல் 31 பங்கு காற்று வேண்டும். அதில் ஒரு பகுதி பர்னருக்குக் கீழே இருக்கும் குழாய் வாயிலேயே கேஸோடு கலந்தாக வேண்டும். நம்ம எஸ்டேட் வீடுகளில் அந்த வாயில் சிலந்தி கூடு கட்டும், எண்ணெய்ப் பிசுக்கும் சேரும். காற்று குறைந்தால் எரியாத கரித்துகள் மஞ்சளாய் ஒளிர்ந்து சட்டியில் படியும்.

நீங்களே பார்க்கலாம். அதே தோங்கில் இரண்டு அடுப்பையும் பற்றவையுங்கள். ஒன்று நீலம், ஒன்று மஞ்சள் என்றால் குறை தோங்கில் இல்லை. அணைத்து, நன்றாக ஆறியதும், ஒரே அளவுள்ள பர்னர் மூடிகளாக இருந்தால் இடம் மாற்றிப் போடுங்கள். மஞ்சள் மூடியோடு போனால் துளைகளைப் பிரஷால் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். பழைய இடத்திலேயே நின்றால் குழாய் வாயைத் துடையுங்கள். கேஸ் வரும் சின்னத் துளையில் மட்டும் ஊசி விடாதீர்கள். பெரிதானால் மஞ்சள் கூடும்.

தோங் முடியும்போது மஞ்சளாகும் என்று அக்கா சொன்னதும் ஓரளவு சரி, ஆனால் அப்போது இரண்டு அடுப்பிலும் தெரியும். தம்பி வீட்டில் சோற்றுக்கஞ்சி பொங்கி வரும் ஆரஞ்சு நிறம் உப்பால், கரி படியாது.

இரண்டுமே மஞ்சள் என்றால் இங்கிருந்து சொல்ல முடியாது, ரெகுலேட்டரையும் பார்க்கணும். அதுவரை ஜன்னலைத் திறந்து வையுங்கள், கரி படியும் தீயில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் வரும்.