14ஆவது ஸ்லைடுக்கும் 15ஆவதுக்கும் நடுவில்

காரைக்குடியில் இப்போது எங்களுக்கு செமினார் சீசன். எம்.எஸ்சி. வேதியியல் பிள்ளைகள் பிபிடியை அனுப்பி, "பார்த்துச் சொல்லுங்க சார்" என்பார்கள். முன்பெல்லாம் "ஃப்ளோ சரியில்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவேன். மறுநாள் அதே பிபிடி வேறு கலரில் வரும். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கே அறுந்திருக்கிறது என்று நான் சொன்னால்தானே முடிச்சுப் போடுவார்கள்?

இப்போது பவர்பாயிண்டில் Outline View வைத்து எழுத்தை மட்டும் படிக்கிறேன். (தனி டெக்ஸ்ட் பாக்ஸில் அடித்தது அதில் தெரியாது, அதற்கு மட்டும் ஸ்லைடைத் திறக்க வேண்டும்.) ஒவ்வொரு ஸ்லைடும் என்ன சொல்கிறது என்று தாளில் ஒரு வரி எழுதி, அடுத்தடுத்த வரிகளுக்கு நடுவே "ஆனால்", "அதனால்" போட்டுப் பார்ப்பேன். "அப்புறம்" மட்டும்தான் ஒட்டுகிறது என்றால் அங்கே பென்சிலால் ஒரு சுழி.

போன வாரம் ஒரு பெண்ணின் தலைப்பு, கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிப்பது. சிக்ரி என்கிற மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊர், வருஷத்துக்கு ஒருவராவது அரிமானத்தை எடுத்துவிடுவார்கள். 14ஆவது ஸ்லைடில் இரண்டு மாதிரிகளுக்கும் மைனஸ் 380 மில்லிவோல்ட். 15இல், "எனவே துரு வேகமாக ஏறுகிறது." அங்கே "எனவே" இருந்தது, ஆனால் அது பொய்யான "எனவே". நான் எழுதியது இது:

"காப்பர் சல்பேட் மின்முனையோடு ஒப்பிட்டு அளந்த மின்னழுத்தம் மைனஸ் 350க்குக் கீழே போனால், துருப்பிடித்துக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. அவ்வளவுதான் அது சொல்லும். வேகத்தைச் சொல்லாது. தண்ணீரில் ஊறி ஆக்சிஜன் புகாத கான்கிரீட்டில் இதைவிடக் கீழே போயும் துரு மெதுவாக ஏறலாம். வேகத்துக்கு உன்னிடம் வேறு அளவு உண்டா? இல்லையென்றால் 'வேகமாக' என்ற சொல்லை எடுத்துவிடு."

3ஆவது ஸ்லைடில் ஒரு செட்டிநாட்டு வீடு. "சுண்ணாம்புச் சுவரும் தேக்குத் தூணும் இருக்கும் படத்தில் நீ பேசும் கம்பி எங்கே? சன்ஷேட் பெயர்ந்து கம்பி தெரியும் வீடு உங்கள் தெருவிலேயே இருக்குமே. துரு, இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும் என்பதை அந்தப் படமே காட்டிவிடும்" என்று எழுதினேன்.

இத்தோடு இன்னும் ஒன்று, மொத்தம் மூன்றே குறிப்பு. பத்து எழுதினால் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு, கஷ்டமானதைத் தொடாமல் வந்துவிடுவார்கள். நானும் அந்த வயதில் அப்படித்தான். நேரில் சொன்னால் போதாதா என்கிறார் ஒரு சக ஆசிரியர். நேரில் சொன்னால் தலையாட்டுவார்கள் சார், வீட்டுக்குப் போனதும் "14" என்ற எண் நினைவில் இருக்காது.

அந்தப் பெண் வந்து நின்றாள். "போலரைசேஷன் ரெசிஸ்டன்ஸும் எடுத்திருக்கேன் சார், இடமில்லைன்னு விட்டுட்டேன்." நான் கேட்ட வேகத்தின் அளவு அதுதான். இடம் எங்கே போனது? 4 முதல் 9 வரை "அரிமானம் என்றால் என்ன". மூன்றாவது குறிப்பே அதுதான்: ஆறையும் ஒன்றாக்கு.

திரும்பி வந்த பிபிடியில் 15ஆவது வாக்கியம் மாறியிருந்தது. இரண்டு மாதிரியிலும் மின்னழுத்தம் ஒன்றுதான், ஆனால் தண்ணீரில் மூழ்கியிருந்ததில் துரு மெதுவாகத்தான் ஏறுகிறதாம். அவளுடைய செமினாரே இனி அந்த "ஆனால்"தான். பின்னணி மட்டும் இன்னும் கிளிப்பச்சை. அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை.