5×5 மேட்ரிக்ஸ் தேவையில்லை

“அஞ்சு புள்ளி இருந்தா 5×5 மேட்ரிக்ஸுக்கு இன்வர்ஸ் எடுக்கணும், கையால முடியாது.”

இல்லைங்க. மீச்சிறு வர்க்க முறையில் புள்ளிகளுக்கு நேர்கோடு பொருத்தும்போது இன்வர்ஸ் எடுப்பது XᵀX-க்கு; X என்பது ஒன்றுகளாலான ஒரு நிரலும் x மதிப்புகளாலான ஒரு நிரலும் கொண்ட மேட்ரிக்ஸ். XᵀX-இன் அளவைத் தீர்மானிப்பது புள்ளிகள் அல்ல, கண்டுபிடிக்க வேண்டிய கெழுக்கள். நேர்கோட்டுக்குச் சாய்வு, வெட்டு என இரண்டுதான், ஆகவே 2×2.

x = 1, 2, 3, 4, 5; y = 2, 4, 5, 4, 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். Σx = 15, Σx² = 55, Σy = 20, Σxy = 66. டிட்டர்மினன்ட் 5×55 − 15² = 50.

சாய்வு: (5×66 − 15×20)/50 = 0.6
வெட்டு: (55×20 − 15×66)/50 = 2.2

இதே புள்ளிகளுக்கு ஒருவர் சாய்வு 1.2 என்கிறார். அவர் கூட்டலில் தவறில்லை. X-இல் ஒன்றுகளாலான நிரலை விட்டுவிட்டு 66/55 போட்டிருக்கிறார். அது ஆதிப்புள்ளி வழியே போகும்படி கட்டாயப்படுத்திய கோடு. ஒவ்வொரு y-இலிருந்தும் கோடு தரும் மதிப்பைக் கழித்து வரும் பிழைகளைக் கூட்டினால் தெரிந்துவிடும்: அவருக்கு 2 வரும், 2.2 + 0.6x-க்குப் பூஜ்ஜியம்.

எல்லா x-உம் ஒரே எண்ணாக இருந்தால் மட்டும் டிட்டர்மினன்ட் பூஜ்ஜியமாகி இன்வர்ஸ் கிடைக்காது. அப்போது 2×2-உம் கைகொடுக்காதுதான்.