நேர்முகத் தேர்வில் மதிப்பெண்ணை எப்போது போடுவது?

காலையிலிருந்து ஏழு பேரிடம் பேசிவிட்டு, மாலையில் காப்பியோடு உட்கார்ந்து மொத்தமாக மதிப்பெண் போடும் வழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. அப்படிப் போடப்படும் மதிப்பெண், பதில்களை அளப்பதைவிட, அந்த ஆளைப் பற்றி மனத்தில் தங்கிவிட்ட எண்ணத்தையே அளக்கிறது என்பது என் கருத்து. சரளமாகப் பேசியவரின் சுமாரான பதிலும் மாலைக்குள் நல்ல பதிலாகிவிடுகிறது. மிகத் தடுமாறிய ஒருவருக்கு அடுத்து வந்தவர், அந்த ஒப்பீட்டினாலேயே உயர்ந்து தெரிகிறார்.

கிடங்குப் பொறுப்பாளர் வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கொள்வோம். "பதிவேட்டில் உள்ள இருப்பும் கையிருப்பும் ஒத்துப்போகாத ஒரு சமயத்தில் என்ன செய்தீர்கள்?" என்பது கேள்வி. குறிப்புத் தாளில் "தெளிவானவர், பொறுப்பானவர்" என்று எழுதினால், எந்தப் பதிலைக் கேட்டு அப்படி எழுதினோம் என்பது இரண்டு மணி நேரத்தில் நமக்கே தெரியாது. "40 பெட்டி குறைவு, தானே மறுபடி எண்ணினார், இரண்டு லோடு பதிவாகாமல் வெளியே போயிருந்தது, மேலாளரிடம் அன்றே சொன்னார், (கே) பிறகு வாசலில் ரசீது சரிபார்ப்பு" என்று அவர் சொன்னதையும் செய்ததையும் மட்டும் எழுத வேண்டும். அந்த "கே", நாம் துருவிக் கேட்ட பிறகே வந்த செய்தி என்பதற்கான அடையாளம். தானாகச் சொன்னதையும் கேட்டு வாங்கியதையும் பிரித்து வைக்காவிட்டால், நன்றாகத் துருவும் தேர்வாளரிடம் போனவருக்கே லாபம்.

மதிப்பெண்ணின் பொருளை முதல் ஆள் உள்ளே வருமுன்பே எழுதிவைக்க வேண்டும்: குறிப்பான சம்பவம் எதுவும் சொல்லாமல் பிறரைக் குறை கூறினால் 1, காரணத்தைக் கண்டுபிடித்துக் கணக்கைச் சரிசெய்தால் 3, அது மறுபடி நேராதபடி நடைமுறையையும் மாற்றியதைத் தானாகவே சொன்னால் 5. மேலே சொன்னவர் நடைமுறையை மாற்றியிருக்கிறார். ஆனால் கேட்ட பிறகுதான் அதைச் சொன்னார் என்பதால் நான் 4 தருவேன். இதை அவர் வெளியேறியதும், அடுத்தவரை அழைப்பதற்கு முன், குழுவில் உள்ளவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் தனித்தனியே போட வேண்டும். அதற்கு இடையில் பத்து நிமிடமாவது விட வேண்டும். (நேர அட்டவணை போடுபவர்கள் முதலில் வெட்டுவது இந்தப் பத்து நிமிடத்தைத்தான்.) பின்னால் எண்ணை மாற்ற நேர்ந்தால், பழையதை அடித்து, பக்கத்தில் காரணம் எழுதுவதே முறை.

இது மனிதரை இயந்திரமாக்குகிறது என்ற முணுமுணுப்பு புதிதல்ல. 1950களின் நடுவில் இஸ்ரேல் ராணுவத்தில் உளவியலாளர் டேனியல் கானமன், ஆள் எடுப்பதற்கான நேர்காணலில் ஆறு பண்புகளைத் தனித்தனியே மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தபோது தேர்வாளர்கள் இதையே சொன்னார்கள். அவர் அவர்களுக்காக ஒரு சலுகை சேர்த்தார்: ஆறையும் போட்டு முடித்த பிறகு கண்ணை மூடி, உள்ளுணர்வுப்படி ஒரு மதிப்பெண் தரலாம். வீரர்கள் பின்னர் எப்படிப் பணியாற்றுவார்கள் என்பதைப் பழைய முறையைவிடப் புதியது நன்றாகக் கணித்தது. அந்தக் கடைசி உள்ளுணர்வு மதிப்பெண்ணும் ஆறின் கூட்டுத்தொகைக்கு இணையாகக் கணித்தது. எனவே ஒட்டுமொத்த எண்ணத்துக்கும் தாளில் ஒரு கட்டம் இருக்கட்டும். ஆனால் அது கடைசிக் கட்டமாக, மற்றவை நிரம்பிய பிறகே தொடப்படுவதாக இருக்க வேண்டும்.