அறுநூறு கடைக்கு நாலு ஷார்ட் எதற்கு?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பில்லிங் சாஃப்ட்வேர் செய்து விற்கிற சின்ன டீம்கள் நிறைய உண்டு. நாலைந்து பேர், ஒரு போஸ்ட்கிரெஸ் சர்வர், சில நூறு கடைகள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கடையடைத்துக் கணக்குப் பார்க்கும்போது ரிப்போர்ட் வர அரை நிமிஷம் ஆனால் போதும், டீமில் ஒருத்தர் "டேட்டாபேஸை ஷார்ட் பண்ணிடலாம்" என்பார், அதாவது டேட்டாவைத் துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனி மெஷின்களில் வைத்துவிடலாம் என்று. இந்த அளவு வேலைக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. முதலில் கணக்கைப் பார்ப்போம்.

களியக்காவிளை முதல் தோவாளை வரை 600 கடைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு நாளொன்றுக்கு 200 பில், பில்லுக்குப் பத்து சாமான். ஆக 1.2 லட்சம் பில், 12 லட்சம் வரிசை. இதில் பாதி சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பதுக்குள் விழுந்தாலும் நொடிக்கு ஆறு பில்லைத் தொடவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் மும்மடங்கு என்றாலும் 17. பில்லுக்குப் பத்து குவரி என்றால் நொடிக்கு 170. எட்டு கோர், 32 ஜிபி ரேம், என்விஎம்இ டிஸ்க் உள்ள ஒரு மெஷினுக்கு இது வேலையே இல்லை. ஒழுங்கான இன்டெக்ஸ் இருந்தால் இப்படிப்பட்ட சின்ன குவரிகளை நொடிக்கு ஆயிரக்கணக்கில் அது செய்யும். டேட்டா? இன்டெக்ஸோடு சேர்த்து வரிசைக்கு 200 பைட் என்றால் நாளைக்கு 240 எம்பி, வருஷத்துக்கு 90 ஜிபிக்குக் கொஞ்சம் கீழே. அதில் தினமும் தொடுவது கடைசி இரண்டு மாதம், அதாவது 15 ஜிபி. அது ரேமிலேயே உட்கார்ந்துவிடும்.

அப்புறம் ஏன் மெதுவாக ஓடுகிறது? மெஷின் வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். மெதுவாக ஓடும் குவரியின் முன்னால் `EXPLAIN (ANALYZE, BUFFERS)` போட்டு ஓட்டுங்கள். ஒரு கடையின் ஒரு மாத விற்பனையைக் கூட்டுகிற குவரிக்கு `Seq Scan on bills` என்று வந்தால், அறுநூறு கடை பில்லையும் படித்துவிட்டு ஒரு கடையுடையதை மட்டும் எடுக்கிறது என்று அர்த்தம். இந்த நோய்க்கு ஷார்டிங் மருந்தே அல்ல. நாலாகப் பிரித்தால் 150 கடையைப் படிக்கும், கொஞ்சம் வேகமாகும், பில் சேரச் சேர பழைய நிலைமைக்கு வரும். இதற்கு வேண்டியது இவ்வளவுதான்:

```sql
CREATE INDEX CONCURRENTLY bills_shop_date
  ON bills (shop_id, bill_date);
```

`CONCURRENTLY` விட்டுப்போனால் இன்டெக்ஸ் கட்டி முடியும்வரை எந்தக் கடையும் பில் போட முடியாது. அதைப் போட்டு நடுவில் தோற்றால் `INVALID` என்ற அரைகுறை இன்டெக்ஸ் தங்கிவிடும். அதை `DROP` செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

இன்டெக்ஸ் இருந்தும் அதே குவரியில் கேஷிலிருந்து கிடைத்ததைச் சொல்லும் `shared hit` குறைவாகவும், வெளியிலிருந்து படித்ததைச் சொல்லும் `read` அதிகமாகவும் திரும்பத் திரும்ப வந்தால் கேஷ் போதவில்லை. அப்போதுகூட முதலில் போஸ்ட்கிரெஸ் தன் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும் ரேமின் அளவான `shared_buffers` பாருங்கள். பலர் இதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். தானாக வருவது 128 எம்பி. 32 ஜிபி மெஷினில் கால்வாசி, 8 ஜிபி கொடுப்பது வழக்கம். ரீஸ்டார்ட் வேண்டும், அவ்வளவே. அதற்கும் அடங்காவிட்டால்தான் பெரிய மெஷின்.

மெஷின் மாற்ற ராத்திரி முழுக்க மூடி வைக்க வேண்டியதில்லை. புது மெஷினில் `pg_basebackup -R` போட்டு அதைப் பழையதன் ரெப்ளிகாவாக, மாற்றங்களை உடனுக்குடன் வாங்கிக்கொள்ளும் நகலாக, ஓடவிடுங்கள். புரோகிராமுக்கும் டேட்டாபேஸுக்கும் இடையில் கனெக்ஷன்களைப் பார்த்துக்கொள்ளும் `pgbouncer` இருந்தால் மாற்றும் நேரத்தில் அதற்கு `PAUSE` கொடுங்கள். ஓடுகிற வேலை முடியும், புதிதாக வருவது வரிசையில் காத்திருக்கும். பழைய போஸ்ட்கிரெஸை முறையாக நிறுத்தி, கடைசி மாற்றம்வரை புதியதற்கு வந்துவிட்டதா என்று பார்த்து, புதியதில் `SELECT pg_promote();` ஓட்டுங்கள். பவுன்சரில் முகவரியை மாற்றி `RELOAD`, பிறகு `RESUME`. கடைக்காரருக்குச் சில நொடி சுற்றுவதுபோலத் தெரியும். பழையது நிற்காமல் புதியதைத் தூக்கிவிட்டால் மட்டும் இரண்டு பக்கமும் பில் எழுதி வைக்கும்; அதைச் சேர்ப்பது நரகம்.

இதில் பெரும்பாலோர் விழுகிற குழி வேறு. மெஷினை மாற்றுகிறோமே என்று லினக்ஸையும் புதுப் பதிப்பாகப் போட்டுவிடுவார்கள். எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி லினக்ஸின் `glibc` நூலகத்தில் இருக்கிறது. 2018-இல் வந்த 2.28 அதைப் பெரிதாக மாற்றியது. பழைய விதியில் கட்டிய இன்டெக்ஸைப் புது விதியில் தேடினால் இருக்கிற சரக்கு இல்லை என்று வரும், ஒரே பெயர் இரண்டு தடவை ஏறும். எரர் எதுவும் வராது. ஆகவே ஓஎஸ் பதிப்பு அப்படியே இருக்கட்டும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் எழுத்து இன்டெக்ஸ் எல்லாவற்றையும் `REINDEX` செய்யுங்கள்.

இப்போது ஷார்டிங் பக்கம் வருவோம். கடை எண்ணை நாலால் வகுத்து மீதியைப் பார்த்துப் பிரிப்பதுதான் எல்லோரும் முதலில் யோசிப்பது. பில் போடுவது அழகாக ஓடும், ஒரு கடையின் பில் வரிசை எண்ணும் அதன் ஷார்டுக்குள்ளேயே இருக்கும். ஆனால் ஒரே முதலாளிக்குத் தக்கலையில் ஒரு கடை, குலசேகரத்தில் ஒரு கடை. இங்கிருந்து அங்கே இருபது பெட்டி சோப்பு மாற்றுகிறார். இரண்டும் வேறு வேறு ஷார்ட். ஒரு பக்கம் கழிந்து மறுபக்கம் ஏறாமல் போனால் சோப்பு காணாமல் போகும். ஒரே மெஷினில் இது ஒரு `BEGIN`, ஒரு `COMMIT`. இங்கேயோ இரண்டு மெஷினையும் முதலில் தயார் என்று சொல்லவைத்துப் பிறகு முடிக்கிற `PREPARE TRANSACTION` வேண்டும். அது போஸ்ட்கிரெஸில் தொடக்கத்திலேயே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, `max_prepared_transactions` பூஜ்யம். காரணமில்லாமல் இல்லை. இரண்டு பக்கமும் தயார் என்று சொன்னபின் நடுவில் இருந்து நடத்துகிற உங்கள் புரோகிராம் விழுந்தால், அந்த வரிசைகள் பூட்டியபடியே நிற்கும், ரீஸ்டார்ட் செய்தாலும் போகாது, வேக்யூமும் பழைய குப்பையை அள்ள முடியாது. `pg_prepared_xacts` பார்த்து ஒருத்தர் கையால் முடித்துவைக்க வேண்டும். நாலு பேர் டீமில் அந்த ஒருத்தர் யார்?

அடுத்தது ஐந்தாவது ஷார்ட் சேர்க்கும் நாள். நாலின் மீதியும் ஐந்தின் மீதியும் ஒன்றாக இருப்பது இருபதில் நாலு எண்ணுக்குத்தான். மீதி 80 சதவீதக் கடைகளும் இடம் மாற வேண்டும்.

"ஒரு மெஷின் செத்தால் எல்லாம் போச்சே" என்பார்கள். நியாயமான பயம்தான், ஆனால் அதற்கு விடை ரெப்ளிகா. ஷார்ட் நாலு ஆனால் சாகக்கூடிய மெஷினும் நாலு. ஒவ்வொன்றுக்கும் ரெப்ளிகா வைத்தால் எட்டு. பேக்கப்பும் நாலு, நாலும் ஒரே நொடியில் எடுத்ததாக இருக்காது.

உண்மையிலேயே தேவைப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. நோஷன் நிறுவனம் ஐந்து வருஷம் ஒரே போஸ்ட்கிரெஸில் ஓட்டி, வேக்யூம் திணறத் தொடங்கிய பிறகே 2021-இல் 480 தர்க்க ஷார்டுகளாகப் பிரித்து 32 டேட்டாபேஸில் வைத்தது. 480 பல எண்களால் வகுபடும் என்பதால் மெஷின் கூட்டும்போது ஷார்டை முழுசாகத் தூக்கி வைக்கலாம். உங்களுக்கும் வாங்கக்கூடிய பெரிய மெஷினிலேயே எழுதும் வேலை மட்டும் டிஸ்கை முட்டினால், அல்லது பேக்கப்பிலிருந்து மீட்க ஒரு நாளைக்கு மேல் ஆனால், அன்றைக்குப் பேசலாம்.

அந்த நாளுக்காக இப்போதே செய்யத் தகுந்தது ஒன்று உண்டு. பில்லின் வரிசைகள், ஸ்டாக் அசைவு, ரசீது என்று எல்லா டேபிளிலும் `shop_id` இருக்கட்டும், பிரைமரி கீயிலும் அது முதலில் வரட்டும். இன்று அதைச் சேர்ப்பது ஒரு மதிய வேலை. மேலே போட்ட கணக்கில் ஒரே வருஷத்தில் 43 கோடி வரிசை சேர்ந்துவிடும். அதற்கப்புறம் அந்த ஒரு `shop_id`-ஐ, கடை ஓடுகிற நேரத்தில் பூட்டு விழாமல், பத்தாயிரம் பத்தாயிரமாக நிரப்பிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.